1870இல் இந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது

"யாழ்ப்பாண இராசதானியின் கடைசி மன்னன் சங்கிலியனின் அரிய புகைப்படம்" என்று ஒன்று முகநூலில் வந்தால் பூதக்கண்ணாடி தேவையில்லை. சங்கிலியன் 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டவன். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். இடையில் 220 ஆண்டுகள். போதாக்குறைக்கு மன்னனுக்குப் பின்னால் ஐங்கோணக் கோட்டை வேறு நிற்கும். அந்த வடிவத்தில் அதைக் கட்டியவர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர். நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரை மேல் சிலையாக இருக்கும் சங்கிலியனின் முகமே சிற்பியின் கற்பனைதான். அந்தக் கற்பனையையும் சரித்திரப் பட நாயகர்களின் மீசையையும் கலந்து படம் செய்யும் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் ஒரு முகத்தைச் செய்து தருகிறது. இதில் ஆராய ஒன்றுமில்லை.

சிக்கல் வருவது, கமரா வந்த பிறகான காலத்தைச் சொல்லிக்கொண்டு வரும் படங்களில்தான். "1870, நல்லூர்த் தேர்த் திருவிழா" என்ற தலைப்போடு பழுப்பு நிறத்தில் ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தேர். வடம் பிடித்து இழுக்கும் ஆண்கள், வெற்று மேல், வெள்ளை வேட்டி. முன்னால் தீச்சட்டியோடு ஒரு பெண். பின்னால் உயர்ந்த கோபுரம், அதற்கு மேல் திரண்ட மேகம். படம் முழுக்கப் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள், மேலிருந்து கீழாக நாலைந்து கீறல், ஓரத்தில் கிழிசல். 1870இல் இலங்கையில் படம் பிடிப்பவர்கள் இருந்தார்கள், நல்லூரில் கோயிலும் இருந்தது. ஆகவே "இருக்கலாமே" என்று தோன்றும்.

இப்படி ஒரு படம் வந்ததும் பலர் செய்வது விரல்களை எண்ணுவது. சில வருடங்களுக்கு முன் அது பலித்தது. இன்று எண்ணினால் பெரும்பாலும் ஐந்துதான் இருக்கும். விரலும் பல்லும் எழுத்தும் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் திருந்திக்கொண்டே வருகின்றன, ஏனென்றால் பயனர்கள் எல்லாரும் குறை சொல்வது அவற்றைப் பற்றித்தான். 1870இன் கமராவுக்கு எது தெரியும், எது தெரியாது என்று யாரும் குறை சொல்வதில்லை. அதனால் அந்தப் பிழைகள் அப்படியே கிடக்கின்றன, நாங்கள் தேட வேண்டியதும் அங்கேதான்.

அந்தக் காலத்தில் படம் எடுத்த விதம் இது. கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பசைத் திரவத்தை ஊற்றி, தகட்டை நாலு மூலைக்கும் சாய்த்துப் பரவ விட்டு, மிஞ்சியதை ஒரு மூலையால் வடிப்பார்கள். இருட்டுக்குள் வைத்து அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரத்தோடு கமராவில் செருகி, எடுத்து, ஈரம் காய்வதற்குள் திரும்ப இருட்டுக்குள் கொண்டுபோய் உருத்துலக்க வேண்டும். காய்ந்தால் தகடு செத்துவிடும். குளிர் நாட்டிலேயே பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம், ஆவணி வெயிலில் அதுவும் இல்லை. எனவே படப்பிடிப்பாளர் எங்கே போனாலும் இருட்டுக் கூடாரமும் மருந்துப் போத்தல்களும் கூடவே போக வேண்டும்.

இந்த முறையிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. முதலாவது நேரம். நல்ல வெயிலிலும் பெரிய தகட்டில் ஒரு வெளிக்காட்சி பதிய சில வினாடிகள் தேவைப்பட்டன. மூன்று வினாடி என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஒருவர் சாதாரணமாக நடந்தால் வினாடிக்கு ஒரு மீற்றருக்கு மேல் போவார். மூன்று வினாடியில் மூன்று மீற்றர். தகட்டில் அவர் ஒரு மங்கலான இழுப்பாகத் தெரிவார், அல்லது சுத்தமாகத் தெரியவே மாட்டார். தேர் ஆறுதலாக, வினாடிக்கு அரை மீற்றர் நகர்ந்தாலும் ஒன்றரை மீற்றர் தேய்ந்திருக்கும். வடம் இழுப்பவனின் கை, ஆடும் வெண்சாமரை, சட்டியின் தீ எல்லாம் புகையாய்ப் போயிருக்கும். அக்காலத்து வீதிப் படங்கள் வெறிச்சென்று இருப்பதற்கும், அங்கங்கே கால் மட்டும் தெரியும் ஆவிகள் நிற்பதற்கும் காரணம் இதுதான். எங்கள் "1870" படத்திலோ ஓடுகிற தேரின் மணி நாக்குக் கூட அந்தரத்தில் உறைந்து நிற்கிறது. சிறிய இரட்டைவில்லைக் கமராவால் வினாடிக்குள் எடுத்த வீதிக் காட்சிகளும் அந்தக் காலத்தில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவை உள்ளங்கை அளவான இரட்டைப் படங்கள். அகலமான பெரிய படத்தில் எல்லாம் உறைந்து நின்றால் சந்தேகப்படலாம்.

இரண்டாவது விளைவு நிறம், என் கணக்கில் இதுதான் மிக உறுதியான தடயம். ஈரத் தகட்டுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருட்டு. பச்சையும் அநேகமாக அப்படியே. ஆகவே நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். மேகம் வெள்ளை, வானமும் வெள்ளை, இரண்டையும் பிரிக்க வழியில்லை. மேகம் வேண்டுமென்றால் வேறொரு தகட்டில் எடுத்த மேகத்தைக் கொண்டுவந்து அச்சிடும்போது ஒட்டினார்கள். கோபுரத்துக்கு மேல் கறுத்துத் திரண்ட மேகமும் கீழே விவரம் குறையாத நிழலும் ஒரே படத்தில் இருந்தால் கேள்வி எழ வேண்டும்.

நிறத்தை இன்னும் கிட்டப் பார்க்கலாம். தேரில் செவ்வந்தி மாலை தொங்குகிறது. அதன் மஞ்சளைக் கணினிக் கணக்கில் சிவப்பு 220, பச்சை 170, நீலம் 30 என்று கொள்வோம். இன்றைய செயலி வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பில் 30 வீதம், பச்சையில் 59 வீதம், நீலத்தில் 11 வீதம் எடுத்துக் கூட்டுகிறது. விடை ஏறக்குறைய 170, அதாவது வெளிர் சாம்பல். ஈரத் தகட்டுக்குத் தெரிவது கடைசி எண் மட்டும், 30. அது கிட்டத்தட்டக் கறுப்பு. எனவே உண்மையான 1870 படத்தில் செவ்வந்தி மாலை கரிய மாலையாகத் தெரியும். மஞ்சள் பட்டும் குங்குமமும் அப்படியே. திருநீறு மட்டும் பளிச்சென்று இருக்கும். எங்கள் முகங்களும் நேரில் இருப்பதைவிடக் கறுத்து, வேட்டியின் வெள்ளையோடு கடுமையாக மோதும். மதிலில் காவி பூசியிருந்தால் அது கரிக்கோடாக நிற்கும். பனங்கூடல் ஒரே கறுப்புத் திட்டு.

இயந்திரம் செய்த படத்தில் இது எதுவும் இருக்காது. அது இன்றைய வண்ணக் காட்சி ஒன்றை மனதில் வைத்து, நிறத்தைக் கழுவி, தேத்தண்ணிச் சாயம் பூசிய மாதிரித்தான் வரும். மாலை வெளிர்ந்து, பொட்டு நடுச் சாம்பலில், முகம் மென்மையாய் ஒளிரும்.

நம்பிக்கை இல்லாதவர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கைபேசியில் எடுத்த இந்த வருடத் திருவிழாப் படம் ஒன்றை எடுத்து, அதன் நீலப் பங்கை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஈரத் தகடு கண்ட உலகம் ஓரளவு தெரியும். இமேஜ்மஜிக் என்ற இலவச மென்பொருளில் ஒரே வரி:

```
magick nallur.jpg -channel B -separate neelam.png
```

அந்த விடைப் படத்தையும் சந்தேகப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வானம், மாலை, பொட்டு மூன்றும் உங்களுக்குப் பதில் சொல்லும்.

இந்தச் சோதனை எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. 1880களில் உலர் தகடு பரவியதோடு நேரம் வினாடியின் சிறு பங்குக்கு இறங்கியது. பிறகு மஞ்சளும் பச்சையும் தெரியும் தகடுகள் வந்தன. சிவப்பு மட்டும் நெடுநாள் கறுப்பாகவே இருந்தது. எல்லா நிறமும் தெரியும் தகடு 1906இலேயே விற்பனைக்கு வந்தாலும் சாதாரணப் பாவனைக்கு வர 1920கள், 30கள் ஆயின. ஆகவே "1905, யாழ்ப்பாணத்துக்கு முதல் புகையிரதம்" என்று ஒரு படம் வந்தால் உறைந்து நிற்கும் கூட்டத்தைக் குறை சொல்ல முடியாது. பெண்களின் குங்குமம் கறுப்பா என்று பார்க்கலாம். "1950" என்றால் நிறம் உதவாது, வேறு தடயம் தேட வேண்டும்.

இனி அந்தப் புள்ளிகளும் கீறல்களும். பழைய படம் என்றால் பொடிப்பொடியாய் இருக்கும் என்பது 20ஆம் நூற்றாண்டுச் சுருள் படலம் எங்கள் மனதில் பதித்த எண்ணம். ஈரத் தகட்டில் கண்ணுக்குத் தெரியும் புள்ளி கிடையாது. அதைப் பெரிதாக்கவும் மாட்டார்கள். முட்டை வெண்கரு பூசிய தாளை நேரே தகட்டின் மேல் வைத்து வெயிலில் அச்சிட்டார்கள். தகடு எவ்வளவோ படமும் அவ்வளவு. அதனால் நல்ல பிரதி ஒன்றைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் கிடுகு வேலியின் பின்னலைக் கூட எண்ணலாம். மேலிருந்து கீழாக ஓடும் நீளக் கீறல் சினிமாச் சுருளின் நோய், படம் காட்டும் கருவிக்குள் ஓடி ஓடி உராய்ந்து வருவது. கண்ணாடித் தகட்டுக்கு அது வர வழியில்லை. தகட்டின் நோய்கள் வேறு: மூலையில் பிடித்த பெருவிரல் தடம், திரவம் சரியாகப் பரவாத வளைந்த விளிம்பு, உரிந்த பூச்சு, சில வேளை கண்ணாடியே வெடித்த கோடு. வெண்கருத் தாள் மங்கும்போது வெள்ளைப் பகுதிதான் முதலில் மஞ்சளாகும். படம் முழுவதும் ஒரே பழுப்பாக, ஒரு வாளிக்குள் தோய்த்து எடுத்தது போல ஆகாது.

ஊரைத் தெரிந்தவனுக்குத் தெரிகிற தடயங்கள் இதற்கு மேல். நல்லூரின் தெற்கே நிற்கும் ஒன்பது நிலைச் சண்முக இராசகோபுரம் 2011இலும் வடக்கே குபேர இராசகோபுரம் 2015இலும் குடமுழுக்குக் கண்டவை. "1870" படத்தில் அவை இரண்டும் நின்றால் இயந்திரம் படித்தது இன்றைய சுற்றுலாப் படங்களை. அவை இல்லாமல் தஞ்சாவூர்ப் பாணிக் கருங்கல் விமானம் நின்றால் படித்தது தமிழ்நாட்டுப் படங்களை. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், கருங்கல் இங்கே வெளியிலிருந்து வர வேண்டியது. தூரத்தில் ஒரு மலைக்கோடு தெரிந்தால் இன்னும் சுகம். குடாநாட்டில் மலை எங்கே இருக்கிறது? மரத்தையும் பாருங்கள். பனையோலை விசிறி, தென்னோலை இறகு. இயந்திரம் அடிக்கடி பனையின் கறுத்த நேர்த் தண்டில் தென்னையின் வட்டை நட்டுவிடுகிறது.

1950களுக்கு வந்தால் எழுத்து கைகொடுக்கும். இன்றைய இயந்திரங்கள் தமிழை ஓரளவு பிழையில்லாமல் எழுதுகின்றன, அதுதான் அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளை அப்போது யானைத் துதிக்கை போல மேலே வளைத்து எழுதினார்கள். ணா, றா, னா மூன்றும் காலில்லாமல் வளைவோடு முடிந்தன. தமிழ்நாட்டில் 1978இல் சீர்திருத்தம் அரச ஆணையாக வந்த பிறகுதான் இன்றைய வடிவம் பரவியது. "வண்ணார்பண்ணை" என்ற ஒரே பெயர்ப் பலகையில் ணா, ணை இரண்டும் இருக்கின்றன. 1950 என்று சொல்லப்படும் கடைப் பலகையில் இரண்டும் இன்றைய அச்சுப் போல இருந்தால் அந்தக் கடை எக்காலத்திலும் திறந்திருக்கவில்லை. கணினி எழுத்துருக்களில் பழைய வடிவம் அபூர்வம் என்பதால் இயந்திரத்துக்கு அதைப் படிக்கக் கிடைத்ததும் குறைவு.

படத்தின் கணினிக் கோப்பையும் ஒரு கை பார்க்கலாம், ஆனால் அதில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் தகவல்களைக் காட்டும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில்:

```
exiftool -G1 -a -s padam.jpg
```

விடையில் `DigitalSourceType` என்ற வரிக்கு எதிரே `trainedAlgorithmicMedia` என்றோ, `Credit` வரியில் `Made with Google AI` என்றோ இருந்தால் இயந்திரம் அந்தப் படத்தில் கை வைத்தது உறுதி. எதுவும் இல்லையென்றால் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போதே இந்தத் தகவல்கள் உதிர்ந்துவிடும். கோப்பாக அனுப்பச் சொன்னால் தங்கும், அனுப்புபவர் தானும் அதை இன்னொரு குழுவிலிருந்து எடுத்திருக்காவிட்டால். திரையைப் பிடித்து அனுப்பிய படமென்றால் இந்தச் சோதனையே வீண்.

`DigitalSourceType` வரியில் `compositeWithTrainedAlgorithmicMedia` என்று வந்தால் நிதானம் வேண்டும். உண்மையான பழைய படத்தைத் துலக்கும் செயலிகளும் இப்படி எழுதலாம். தாத்தாவின் கலியாணப் படத்தைப் பேரப்பிள்ளை கனடாவிலிருந்து துலக்கி அனுப்புகிறான். தோல் பிளாஸ்ரிக் போல ஆகிறது, கண்ணில் புது வெளிச்சம் வருகிறது, பின்னாலிருக்கும் பலகையின் எழுத்துக் குழம்புகிறது. மேலே சொன்ன பாதித் தடயங்கள் அதில் வந்துவிடும். ஆனால் தாத்தா உண்மை, கலியாணமும் உண்மை. பொய் என்று தள்ளாமல், துலக்காத மூலத்தைக் கேட்டு வாங்க வேண்டும். துலக்கிய பிரதியை ஆவணமாகச் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அந்த முகத்தின் பாதி செயலியின் ஊகம்.

எனக்கு அதிகம் கோபம் வருவது யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்புப் படங்களில். 1981 மே 31 இரவில் தொடங்கிய எரிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. எல்லாரும் அறிந்த உண்மைப் படங்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் எடுத்த எரிந்த கூடு: கரி படிந்த சுவர், கதவில்லாத வாசல். "எரிந்துகொண்டிருக்கும்போது எடுத்தது" என்று வரும் தத்ரூபப் படங்களைப் பாருங்கள். தீநாக்கின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது, அதே நேரம் முன்சுவரின் வேலைப்பாடும் முற்றத்தில் அழும் ஆளின் கண்ணீரும் தெரிகின்றன. ஒளியுணர் வேகம் 400 கொண்ட அன்றைய படலத்தால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. வெளிச்சத்தை முகத்துக்கு அளந்தால் தீ வெள்ளைத் திட்டு, தீக்கு அளந்தால் முகம் கறுப்பு. பல வெளிச்சங்களில் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது இன்றைய கைபேசியின் வேலை, இயந்திரம் படித்ததும் அந்தப் படங்களையே. ஃபிளாஷ் அடித்திருந்தால் கிட்ட நிற்பவர் தட்டையாக வெளுத்து, அவருக்குப் பின்னால் அவரது கூரிய நிழல் விழுந்திருக்கும்.

இந்தப் படங்களைச் செய்பவர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. நினைவுநாளுக்கு ஒரு படம் வேண்டும், செய்கிறார்கள். ஆனால் நடந்த சம்பவத்துக்கு ஒரு பொய்ப் படத்தை ஆதாரமாக வைத்தால், நாளைக்கு அந்தப் படத்தை உடைத்துக் காட்டுகிறவன் சம்பவத்தையே உடைத்துக் காட்டியதாகச் சொல்லிக்கொள்வான். படமாக வரைந்து, வரைந்தது என்று படத்துக்குள்ளேயே எழுதிப் போட்டால் யாருக்கும் பிரச்சினையில்லை. பதிவின் அடியில் எழுதினால் போதாது. படம் குழு மாறும்போது அந்த வரி கூட வராது.

எல்லாத் தடயமும் தோற்கும் படங்களும் உண்டு, குறிப்பாக 1940க்குப் பிறகான சாதாரணக் காட்சிகள்: ஒரு வளவு, ஒரு பள்ளிக்கூட வகுப்பு, ஒரு சந்தை. அங்கே கண்ணால் தீர்க்க முடியாது, தாளைத்தான் தேட வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற இலங்கை நிலையங்கள் பல படங்களில் தகட்டிலேயே இலக்கமும் பெயரும் எழுதின. அது படத்தின் அடியில் வெள்ளை எழுத்தாகத் தெரியும், அந்த இலக்கத்தை வைத்து அருங்காட்சியகத் தொகுப்புகளில் தேடலாம். பிந்திய படங்களை, படத்தைக் கொண்டே தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் போட்டு மிகப் பழைய பிரதி எப்போது வந்தது என்று பார்க்கலாம். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் பழைய மலர்களையும் பத்திரிகைகளையும் புரட்டினால் சில வேளை அதே படம் அச்சில் அகப்படும்.

அதற்கும் அகப்படாவிட்டால், பதிவு போட்டவரிடம் படத்தின் பின்பக்கத்தையும் ஒரு படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் உண்மைப் பிரதியின் பின்னால் ஸ்ரூடியோ முத்திரையோ, பென்சிலில் ஒரு பெயரோ, அல்பத்திலிருந்து பிய்த்த பசைத் தடமோ, குறைந்தது மஞ்சள் படிந்த தாளோ இருக்கும். "பின்பக்கமா? எனக்கும் வாட்ஸ்அப்பில்தான் வந்தது" என்று பதில் வந்தால், அவருக்கு அனுப்பியவர் யார் என்று கேட்டு அடுத்த ஆளிடம் போங்கள்.